அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கை: புராஸ்டேட் சுரப்பியும் சிறுநீர்ப்பையும்

பரிசோதிக்கப்பட்டவர்: 71 வயது ஆண்
செய்த ஸ்கேன்: வயிற்றின் வழியாக சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை, புராஸ்டேட், சிறுநீர் கழிப்பதற்கு முன்னும் பின்னும்

அனுப்பப்பட்ட காரணம்

ஓராண்டாகச் சிறுநீர் மெல்லிய தாரையாக, விட்டுவிட்டு வருகிறது. இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது. போய்விட்டு வந்தபின்னும் இன்னும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு. எரிச்சல், காய்ச்சல், இரத்தம் கலந்த சிறுநீர் எதுவும் இல்லை என்று சொன்னார். கையில் கொண்டுவந்த இரத்தப் பரிசோதனையில், புராஸ்டேட் சுரக்கும் புரதமான பி.எஸ்.ஏ. 3.1.

சிறுநீரகங்கள்

வலது சிறுநீரகம் 9.8 செ.மீ., இடது 10.1 செ.மீ. வயதுக்கு ஏற்ற அளவு. புறணியின் தடிமன் சரியாக இருக்கிறது, கல் இல்லை. இடது சிறுநீரகத்தின் கீழ்முனையில் 1.8 செ.மீ. அளவுள்ள எளிய நீர்க்கட்டி ஒன்று. இந்த வயதில் அடிக்கடி தென்படுவதுதான், சிகிச்சை தேவையில்லை.

சிறுநீர்ப்பை முழுதாக நிரம்பியிருந்தபோது வலது சிறுநீரகத்தின் நடுப்பகுதி லேசாக விரிந்திருந்தது. சிறுநீர் கழித்தபின் பார்த்தேன், விரிவு மறைந்துவிட்டது. ஆகவே இதை நிரம்பிய பையின் விளைவாகவே எடுத்துக்கொள்கிறேன். நிலையான வீக்கம் இரு பக்கத்திலும் இல்லை.

சிறுநீர்ப்பை

ஸ்கேனுக்கு முன் பையில் இருந்தது சுமார் 480 மி.லி. (10.2 × 9.6 × 9.4 செ.மீ.). சுவர் 5.2 மி.மீ. தடித்திருக்கிறது. இப்படி நிரம்பி விரிந்த பையில் சுவர் 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. உட்பரப்பும் வழவழப்பாக இல்லாமல் மேடுபள்ளமாக, நார்க்கட்டுகள் துருத்தியபடி தெரிகிறது. வாயில் இருக்கும் தடையை எதிர்த்துப் பை வெகுநாளாக முக்கி வேலை செய்திருப்பதன் அடையாளம் இது. கல், கட்டி, பக்கவாட்டுப் பை எதுவும் காணவில்லை.

புராஸ்டேட்

பெரிதாகியிருக்கிறது. அகலம் 5.1 செ.மீ., முன்பின் 4.6 செ.மீ., மேல்கீழ் 4.9 செ.மீ. இந்த மூன்றையும் பெருக்கி 0.52 ஆல் பெருக்கினால் கனஅளவு:

5.1 × 4.6 × 4.9 × 0.52 = 60 மி.லி.

இளவயதில் இது 20 முதல் 25 மி.லி. வரைதான் இருக்கும். சுரப்பித் திசுவின் அடர்த்தி ஏறத்தாழ தண்ணீரை ஒத்திருப்பதால் 60 மி.லி. என்பதை 60 கிராம் என்று படித்தாலும் தவறில்லை. பெருக்கம் உள்பகுதியில்தான், அதாவது சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றியுள்ள பகுதியில். நடுக்கதுப்பு பையின் தரைக்குள் 9 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கிறது. உள்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் இடையில் சில சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிகின்றன. அவை வயதோடு வருபவை. சுரப்பியின் வெளியோரம் தெளிவாகவும் ஒழுங்காகவும் இருக்கிறது.

வயிற்றின் வழியாக எடுக்கும் இந்த ஸ்கேனால் புற்றுநோய் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. அதற்குப் பி.எஸ்.ஏ.யும் மருத்துவர் விரலால் தொட்டுப் பார்ப்பதும் வேண்டும். பி.எஸ்.ஏ. 3.1ஐ 60ஆல் வகுத்தால் 0.05 வருகிறது. கவலையோடு பார்க்கத் தொடங்கும் எல்லையாகப் பலரும் கொள்ளும் 0.15க்கு இது வெகு கீழே. சுரப்பியின் அளவை வைத்துப் பார்த்தால் இந்தப் பி.எஸ்.ஏ. கூடுதலாகத் தெரியவில்லை.

எஞ்சிய சிறுநீர்

முதல் முறை கழித்துவிட்டு வந்தபோது பையில் 190 மி.லி. மிச்சமிருந்தது (7.9 × 7.0 × 6.6 செ.மீ.). அதை அப்படியே எழுத மனம் வரவில்லை. நிறையத் தண்ணீர் குடித்து, வழக்கத்தைவிட நெடுநேரம் அடக்கிக் காத்திருந்தார். அளவு மீறி நிரம்பிய பை முதல் தடவையில் சரியாகச் சுருங்காது. வெளியே வரிசையில் ஆட்கள் நிற்கிறார்களே என்று அவசரமாகப் போய்வந்ததாகவும் சொன்னார். கால் மணி நேரம் உட்காரவைத்து, நிதானமாக மறுபடி போய்வரச் சொல்லி அளந்தேன். இப்போது 110 மி.லி. (6.8 × 6.0 × 5.2 செ.மீ.).

இரண்டு எண்களையும் எழுதுகிறேன். சிகிச்சைக்கு 110ஐ அடிப்படையாகக் கொள்ளலாம். 50 மி.லி.க்குக் குறைவு நல்லது. இந்த வயதில் 100 வரை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. அதைச் சற்றே தாண்டியிருக்கிறார், ஆனால் சிறுநீர் தேக்கம் என்று கவலைப்படும் 300ஐ நெருங்கவில்லை.

கருத்து

புராஸ்டேட் சுரப்பியின் மிதமான பெருக்கம், 60 மி.லி., நடுக்கதுப்பு 9 மி.மீ. உள்துருத்தலோடு. வெகுநாள் தடைக்குரிய சிறுநீர்ப்பைச் சுவர்த் தடிப்பு. எஞ்சிய சிறுநீர் இரண்டாம் அளவீட்டில் 110 மி.லி. சிறுநீரகங்களில் பாதிப்பு இல்லை.

அனுப்பிய மருத்துவருக்கு

60 என்ற எண்ணைவிடச் சுவரின் தடிப்பையும் நடுக்கதுப்பையும் முக்கியமாகப் பார்க்க வேண்டுகிறேன். 30 மி.லி. சுரப்பி ஒருவரைப் படுத்தும், 90 மி.லி. இன்னொருவரை ஒன்றும் செய்யாமல் இருக்கும். ஆனால் பையின் வாயில் அடைப்பான்போல நிற்கும் நடுக்கதுப்பு தடையை அதிகமாக்கும். பை இப்போதைக்குத் தாங்குகிறது, தாங்குவதற்கான விலையைச் சுவரில் காட்டுகிறது. சிறுநீர்ப் பரிசோதனையும் கிரியாட்டினினும் இன்னும் பார்க்கவில்லை என்றால் பார்ப்பது நல்லது. சுரப்பியைச் சுருக்கும் மாத்திரை தொடங்குவதாக இருந்தால், தொடங்கிச் சில மாதங்களில் பி.எஸ்.ஏ. பாதியளவுக்குக் குறையும் என்பதால், இன்றைய 3.1ஐ ஆரம்ப அளவாகக் குறித்துவையுங்கள்.

உங்களுக்கு, ஐயா

ஸ்கேன் மேசையில் படுத்திருந்தபோது "பெரிசாயிருக்குன்னா கேன்சர்னு அர்த்தமா?" என்று கேட்டீர்கள். இல்லை. உங்களுடைய பெருக்கம் வயதோடு வரும் சாதாரணப் பெருக்கமாகத்தான் எனக்குத் தெரிகிறது, அது புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனாலும் மேலே எழுதிய தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் கூச்சத்தால் தள்ளிப்போட வேண்டாம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரவில் எழுவதற்குப் பயந்து பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். பகலில் தாராளமாகக் குடியுங்கள், படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திக்கொள்ளுங்கள். கழித்து முடித்தபின் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயன்று பாருங்கள். இன்று இரண்டாம் முறை போனபோது 80 மி.லி. குறைந்ததை நீங்களே திரையில் பார்த்தீர்கள்.

சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சில, பையின் வாயை இறுக்கியோ பை சுருங்கும் வலுவைக் குறைத்தோ சிறுநீரை அடியோடு நிறுத்திவிடும். உங்கள் நிலையில் அது நடக்கக்கூடியதுதான். முட்டிக்கொண்டு வந்தும் சொட்டுக்கூட வெளியேறவில்லை என்றாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ காலை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அது எந்த நேரமானாலும்.

அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது இந்த அறிக்கையைக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்பு மூன்று டம்ளர் தண்ணீர் போதும். வழக்கமாகப் போகத் தோன்றும் அளவுக்கு நிரம்பியதும் சொல்லுங்கள், உடனே பார்க்கிறோம். அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.