தென்பெண்ணை உயர்மட்டப் பாலம்: செலவு-பயன் ஆய்வுக் குறிப்பு

இப்போதுள்ள தரைப்பாலம் மூழ்கினால் வடகரையின் ஐந்து ஊர்களுக்கும் 23 கிலோமீட்டர் சுற்றுவழிதான். உயர்மட்டப் பாலத்துக்கு 40 கோடி ரூபாய் ஆகும். எரிபொருள், வாகனத் தேய்மானம், நேரம் என ஆண்டுக்கு 4.30 கோடி மிச்சம்; பராமரிப்பு 30 லட்சம் போக, 4 கோடி. கணக்குக் காலம் 30 ஆண்டுகள். பணவீக்கத்தை நீக்கியே கணக்கிட்டோம். போக்குவரத்துப் பெருக்கத்தைச் சேர்க்கவில்லை.

வருங்காலப் பயனை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி வீதம் 12% என்றால், அந்தப் பயனிலிருந்து செலவைக் கழித்த நிகர நிகழ்கால மதிப்பு மைனஸ் 7.78 கோடி. 9% என்றால் பிளஸ் 1.09 கோடி. 6% என்றால் 15.06 கோடி. அதே பாலம், அதே ஆறு.

12% நம் சாலைத் திட்ட அறிக்கைகளில் பழகிப்போன எண். ஆசிய வளர்ச்சி வங்கியே 2017-இல் அதை 9% ஆகக் குறைத்துவிட்டது. பிரிட்டன் கருவூலத்தின் 3.5 சதவீதத்தைக் காட்டி இன்னும் இறங்கலாமே என்று ஆய்வுக் கூட்டத்தில் கேட்டார்கள். அது மெதுவாக வளரும் நாட்டின் எண். வருமானம் வேகமாக ஏறும் இடத்தில் நாளைய பயனாளி இன்றையவரைவிட வசதியாக இருப்பார். அவருக்குக் கிடைக்கும் ஒரு ரூபாயை இன்றைய ரூபாய்க்குச் சமமாக வைக்க முடியாது. 9 சதவீதத்தையே எடுத்துக்கொண்டோம். 6% எடுத்திருந்தால் யாரும் கேள்வி கேட்காமல் கோப்பு நகர்ந்திருக்கும். அதுவே எங்களுக்கு உறுத்தியது.

அடுத்து, பயன் யாருக்கு? 4.30 கோடியில் கூலித் தொழிலாளர், சிறு விவசாயிகளின் பங்கு 1.20 கோடி. நடுத்தரக் குடும்பங்களுக்கு 90 லட்சம். லாரி, கார் உரிமையாளர்களுக்கு 2.20 கோடி. மாவட்டச் சராசரி வருமானத்தை ஒவ்வொரு பிரிவின் வருமானத்தால் வகுத்து எடை கொடுத்தோம்: முறையே 2, 1, 0.5. எடையிட்ட பயன் 4.40 கோடி. பத்து லட்சம்தான் கூடியது! காரணம் நேர மதிப்பீட்டில் இருக்கிறது. நடவுக்குப் போகும் பெண்ணின் ஒரு மணி நேரத்துக்கு 50 ரூபாய், கார்க்காரரின் மணிக்கு 150 ரூபாய் என்று கூலியை வைத்து அளந்திருக்கிறோம். கரையில் காத்து நிற்பது என்னவோ இருவரும் ஒரே மணி நேரம்தான். எல்லோருக்கும் ஒரே நேர மதிப்பு வைக்கலாம். ஆனால் அப்படி வைத்துவிட்டு, நேர மிச்சத்துக்கு மேலே எடையும் போட்டால் ஒரே சலுகையை இருமுறை கொடுத்ததாகும். எடையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

எடையிட்ட பிறகு 9 சதவீதத்தில் மதிப்பு 2.12 கோடி. 12 சதவீதத்தில் அப்போதும் மைனஸ் 6.97 கோடி. ஆக, இந்தத் திட்டத்தின் தலையெழுத்தை எழுதுவது தள்ளுபடி வீதமே, எடை அல்ல.

ஒரு குறை பாக்கி. 40 கோடியில் நிலத்துக்கு 2.10 கோடி வைத்திருப்பது அரசு வழிகாட்டி மதிப்பில். அணுகுசாலை வரும் தென்னந்தோப்புகள் அதைப்போல் இரு மடங்குக்குக் கைமாறுவதாக ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையானால் எடையில்லாத கணக்கு மைனஸ் ஒரு கோடிக்குப் போகும். எடையிட்ட கணக்கில் மிஞ்சுவது 2 லட்சம். அண்மைக் கிரயப் பத்திரங்களைப் பார்த்து நில விலையைத் திருத்தும்வரை ஒப்புதலை நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கிறோம்.