புதிய இயந்திரங்களை நிறுவ எரக்ஷன் ஆல் ரிஸ்க் காப்பீடு கோரும் முன்மொழிவு

நாள்: 4 மே 2026

பெறுநர்: கிளை மேலாளர், பொறியியல் காப்பீட்டுப் பிரிவு

பொருள்: துணி பதனிடும் ஆலையில் இயந்திரங்களை நிறுவி, சோதித்து, ஓட்டிப் பார்க்கும் காலம் வரைக்குமான காப்பீடு

ஐயா,

வணக்கம். எங்கள் துணி ஆலையை ஒட்டிப் புதிதாகச் சாயப் பிரிவு ஒன்று அமைக்கிறோம். கட்டடமும் கூரையும் முடிந்துவிட்டன. முதல் லோடு 18 மே 2026 அன்று தளத்தில் இறங்குகிறது. அதற்குள் பாலிசி கைக்கு வர வேண்டும் என்பதால் முழு விவரத்தையும் இந்தக் கடிதத்திலேயே தருகிறோம்.

இயந்திரங்களை வழங்கி நிறுவித் தரும் ஒப்பந்தத்தின் மதிப்பு 9.80 கோடி ரூபாய். அதன் பிரிவுகள்:

எட்டு சேம்பர் ஸ்டென்டர்: 4.20 கோடி
சாஃப்ட்ஃப்ளோ சாய இயந்திரங்கள், நான்கு: 2.40 கோடி
4 டன் நீராவி பாய்லர்: 95 லட்சம்
தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர்: 60 லட்சம்
குழாய், பேனல் போர்டு, கேபிள்: 85 லட்சம்
நிறுவும் கூலி: 80 லட்சம்

ஒப்பந்தத்தில் சேராத இரண்டு செலவுகள் உண்டு. சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து 70 லட்சம். அஸ்திவார வேலையை நாங்களே ஆள் வைத்துச் செய்கிறோம், அது 50 லட்சம். ஆகவே காப்பீட்டுத் தொகை 11 கோடி ரூபாய். ஒப்பந்தத் தொகையை மட்டும் காட்டினால் பிரீமியம் குறையும்தான். ஆனால் இழப்பு வரும்போது குறைமதிப்பு என்று சொல்லி விகிதப்படி வெட்டுவீர்கள், அந்தச் சிக்கல் எங்களுக்கு வேண்டாம். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுப்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். நான்கு சாஃப்ட்ஃப்ளோவில் ஒன்று எங்கள் பழைய பிரிவில் ஆறு ஆண்டுகள் ஓடியது. ஒப்பந்தக்காரர் அதை எடுத்துப் பழுது நீக்கித் திரும்பப் பொருத்துகிறார். பட்டியலில் அதைப் புது விலையில்தான் காட்டியிருக்கிறோம். பழைய இயந்திரத்துக்குச் சோதனை தொடங்கியதுமே காப்பு நின்றுவிடும் என்பது தெரியும், அதை ஏற்கிறோம்.

மொத்தக் காலம் 26 வாரம். 18 மே முதல் 18 அக்டோபர் 2026 வரை 22 வாரம் தளத்தில் சேமிப்பும் நிறுவுதலும். 19 அக்டோபர் முதல் 15 நவம்பர் வரை நான்கு வாரம் சோதனை. வேலை இழுத்தால் பாலிசி முடிவதற்கு முன்பே எழுதி நீட்டிப்புக் கேட்போம்.

நிறுவும் கட்டத்தில் கவனிக்க வேண்டியது ஸ்டென்டர்தான். ஒவ்வொரு சேம்பரையும் ஹைட்ரா கிரேனில் தூக்கி வாசல் வழியே உள்ளே கொண்டுவர வேண்டும். தூக்கிய நிலையில் கூரைச் சட்டத்துக்கும் சேம்பருக்கும் நடுவே ஒரு அடிதான் இடைவெளி. பெல்ட்டும் ஷேக்கிளும் சோதனைச் சான்றோடு வரும். காற்று பலமாக வீசினால் அன்று தூக்கும் வேலை கிடையாது.

சோதனைக் காலத்தை நான்கு வாரத்துக்கும் கீழே குறைக்க வேண்டாம் என்று குறிப்பாகக் கேட்கிறோம். முதல் வாரம் மோட்டார்களை வெறும் ஓட்டமாக ஓட்டிப் பார்ப்போம். அப்புறம்தான் சூடேற்றல். ஹீட்டரை முதன்முறை பற்றவைக்கும்போது எண்ணெய்க் குழாய்க்குள் தங்கிய ஈரம் 100 டிகிரியைத் தாண்டுகையில் ஆவியாகும். அவசரப்பட்டால் எண்ணெய் நுரைத்து விரிவுத் தொட்டி வழியாகப் பொங்கிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். ஆகையால் அந்த வெப்பநிலையிலேயே நிறுத்தி, ஈரம் முழுதும் வெளியேறும் வரை காத்திருந்துதான் மேலே ஏற்றுவோம். இதற்கே சில நாள் பிடிக்கும். பாய்லரை ஆய்வாளரின் அனுமதி கிடைத்த பிறகே பற்றவைப்போம். துணி போட்டு ஓட்டுவது கடைசி இரண்டு வாரத்தில்.

அடிப்படைக் காப்போடு இவையும் வேண்டும்: மூன்றாம் நபர் பொறுப்பு ஒரு விபத்துக்கு 50 லட்சம், 12 மீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் பழைய கிடங்குக்குச் சுற்றுப்புறச் சொத்து என 1.50 கோடி, இடிபாடு அகற்ற 20 லட்சம், ஒப்பந்தக்காரர் திரும்ப வந்து குறை தீர்க்கும் 12 மாதத்துக்கு நீட்டித்த பராமரிப்புக் காப்பு. வடிவமைப்புக் குறைபாட்டுக்கான கூடுதல் காப்புக்கு எவ்வளவு ஆகும் என்று தனியாகச் சொல்லுங்கள், தொகையைப் பார்த்து முடிவு செய்கிறோம். பாலிசியில் எங்கள் பெயரோடு ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர்கள், கடன் கொடுத்த வங்கி ஆகியோரும் இடம்பெற வேண்டும்.

முந்தைய இழப்பு ஒன்று: மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய பிரிவில் ஒரு பேனல் போர்டு மழையில் நனைந்து 2.30 லட்சம் நஷ்டமானது. தார்ப்பாயின் ஓரத்தைக் கட்டாமல் விட்டது எங்கள் ஆட்கள்தான். இம்முறை பேனல்களும் மோட்டார்களும் பூட்டிய அறையில், தரையிலிருந்து ஒரு அடி உயர மரச்சட்டத்தின் மேல் இருக்கும். இரவும் பகலும் காவல் உண்டு.

கடல்வழிச் சரக்குக் காப்பீடு வேறு நிறுவனத்திடம் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதுதான் சேதம் தெரிந்து, அது வழியில் நேர்ந்ததா தளத்தில் நேர்ந்ததா என்று சொல்ல முடியாமல் போனால், இழப்பை இரு நிறுவனங்களும் பாதிப் பாதியாக ஏற்கும் ஷரத்தைச் சேர்த்துத் தர வேண்டும்.

ஒப்பந்த நகல், தள வரைபடம், வேலை அட்டவணை இணைத்துள்ளோம். உங்கள் பொறியாளர் 11 மே-க்குள் எந்த நாள் வந்தாலும் தளத்தைக் காட்டுகிறோம். பிரீமியம், எக்ஸஸ் விவரத்தை 13 மே-க்குள் அனுப்பினால் மறுநாளே பணம் கட்டிவிடுவோம். எக்ஸஸில் சோதனைக் காலத்துக்கும் மற்ற காலத்துக்குமான தொகையைத் தனித்தனியே குறிப்பிடவும்.

இப்படிக்கு,
திட்டப் பொறுப்பாளர்,
சாயப் பிரிவு விரிவாக்கம்