பில் எண் 118: ஜூன் 15 அன்று பணம் செலுத்துவதற்கான உறுதிக் கடிதம்

நாள்: 04.05.2026

அனுப்புநர்:
இளங்கோ, செல்வி
பங்குதாரர்கள், நோட்டுப் புத்தகத் தயாரிப்புக் கூடம்

பெறுநர்:
திரு. ராமநாதன்
உரிமையாளர், காகித மொத்த விற்பனை

பொருள்: 04.05.2026 தேதியிட்ட பில் எண் 118-இன் மீதித் தொகை ரூ. 5,00,000 (ரூபாய் ஐந்து லட்சம் மட்டும்). இதை 15.06.2026 அன்று செலுத்துவதாக உறுதியளித்து, சரக்கை இப்போதே விடுவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சனிக்கிழமை போனில் பேசும்போது, "வாய்ப்பேச்சு போதும்னு இருந்துதான் போன தடவை சங்கடமாச்சு, எழுதிக் கொடுங்க" என்றீர்கள். நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. ஜனவரி பில்லுக்கு பிப்ரவரி 20 என்று சொல்லிவிட்டு மார்ச் 3-இல்தான் பணம் போட்டோம். பதினொரு நாள் தாமதம். அதிலும் முதல் நான்கு நாள் உங்கள் போனை எடுக்காமல் இருந்தது பணத்தைவிடப் பெரிய தப்பு. எங்களுக்கு வரவேண்டிய காசோலை வரவில்லை என்பது எங்கள் கஷ்டமே தவிர, உங்களுக்குச் சொல்லக்கூடிய காரணம் அல்ல. அதை மனதில் வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறோம்.

முதலில் சரக்கு. பில் எண் 118-இல் உள்ளபடி, 61 x 86 செ.மீ. அளவில் 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ 500 ரீம். ரீமுக்கு 500 தாள், ரீம் எடை 15.7 கிலோ, ஆக மொத்தம் 7,850 கிலோ. அத்துடன் அட்டைக்கான போர்டு 900 கிலோ. இரண்டும் உங்கள் கிடங்கில் எங்கள் பெயரில் தனியாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை நேற்று செல்வி நேரில் பார்த்துவிட்டு வந்தார். ரீம் கட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் ஜிஎஸ்எம், அளவு இரண்டும் பில்லோடு ஒத்துப்போகின்றன. மேலே இருந்த ஒரு கட்டின் ஓரத்தைப் பிரித்துத் தாளையும் பார்த்தார். சரக்கு என்ன, எவ்வளவு என்பதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

வரி, லாரி வாடகை எல்லாம் சேர்த்துப் பில்லின் மொத்தம் ரூ. 6,37,200. இதில் ரூ. 1,37,200-ஐ இன்று காலை 11.20-க்கு உங்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டோம்; வங்கி தந்த பரிமாற்றச் சீட்டின் நகல் இத்துடன் உள்ளது. மீதி ரூ. 5,00,000.

இந்த ஐந்து லட்சம் ரூபாயை 15.06.2026, திங்கட்கிழமை, மாலை 4 மணிக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் சேரும்படி செலுத்துவோம் என்று பங்குதாரர்களாகிய நாங்கள் இருவரும் இதன் மூலம் உறுதியளிக்கிறோம். "அனுப்பிவிட்டோம்" என்று நாங்கள் சொல்லும் நேரம் கணக்கில் வராது. உங்கள் கணக்கில் வரவு ஏறிய நேரமே செலுத்திய நேரம். அன்று ஏதாவது காரணத்தால் வங்கி விடுமுறை என்று அறிவித்தால் அதற்கு முந்தைய வேலை நாளில் செலுத்துவோம், அடுத்த நாளுக்குத் தள்ள மாட்டோம்.

இனி, போன தடவை வழுக்கிய இடத்துக்கு வருகிறோம். இந்தத் தாளில் செய்யும் நோட்டுகள் ஒரு பள்ளி நிர்வாகத்தின் ஆர்டருக்குப் போகின்றன. ஜூன் 8-இல் பணம் தருவதாக அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்வது எங்களிடம் வேலை இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே. அவர்கள் பணம் தந்தாலும் தராவிட்டாலும், நோட்டு விற்றாலும் தேங்கினாலும், ஆர்டரே ரத்தானாலும், ஜூன் 15 மாறாது. அப்படி ஒரு நிலை வந்தால் எங்கள் வங்கி ஓவர்டிராஃப்டில் இப்போது எடுக்காமல் வைத்திருக்கும் நான்கு லட்சத்தையும், மீதி ஒரு லட்சத்துக்குச் செல்வியின் சொந்தச் சேமிப்பையும் பயன்படுத்துவோம். பில் அடையும்வரை அந்த நான்கு லட்சத்தை வேறு எதற்கும் எடுக்க மாட்டோம். ஓவர்டிராஃப்ட் வரம்பை வங்கி குறைத்தால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

சரக்கில் குறை என்று சொல்லிப் பணத்தை நிறுத்தி வைக்கும் பழக்கம் நம் வியாபாரத்தில் உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. அதை இங்கே செய்ய மாட்டோம். ஈரம், மடிப்பு, எடைக் குறைவு, ஜிஎஸ்எம் வித்தியாசம் என்று எது இருந்தாலும் சரக்கு இறங்கிய ஐந்து நாளுக்குள், தாளை நறுக்குவதற்கு முன்பே, போட்டோவோடும் எடைமேடைச் சீட்டோடும் எழுதித் தெரிவிப்போம். நீங்கள் ஒப்புக்கொண்டு கிரெடிட் நோட் கொடுத்தால் அந்தத் தொகை மட்டும் ஐந்து லட்சத்தில் கழியும். கிரெடிட் நோட் வராத எந்தப் புகாரையும் காட்டி ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டோம். முழுப் பணத்தையும் கட்டிவிட்டு அப்புறம் பேசிக்கொள்வோம். பழைய கணக்கு எதையும் இதில் நேர் செய்யவும் மாட்டோம். மார்ச் 3-க்குப் பிறகு நமக்குள் பழைய பாக்கி எதுவும் இல்லை என்பதை இந்த இடத்திலேயே பதிவு செய்கிறோம்.

"பணம் வரும்வரை சரக்கு என்னுடையது என்று எழுதலாமா" என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம், முழுப் பணமும் சேரும்வரை, நறுக்காத ரீம்களும் பிரிக்காத போர்டும் உங்கள் சொத்து என்பதை ஏற்கிறோம். ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். தாள் கட்டிங் மெஷினுக்குள் போய் ரூல் போட்டுப் பின் அடித்துவிட்டால், அதைத் திருப்பி எடுத்து உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய பேப்பர் விலைக்குத்தான் போகும். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி லாரியை அனுப்பச் சொல்ல எங்களுக்கு மனம் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு காரியம் செய்கிறோம். 500 ரீமில் கடைசி 120 ரீமை மே மாதம் முழுவதும் தொடாமல், உங்கள் சீட்டோடு, தரையில் படாமல் பலகை மேல் தனியாக அடுக்கி வைப்போம். நீங்களோ உங்கள் ஆளோ வேலை நேரத்தில் எப்போது வந்தும் எண்ணிப் பார்க்கலாம். ஜூன் 1 முதல் அதைப் பயன்படுத்தியாக வேண்டும், பள்ளி திறக்கும் நேரம் அது. இரண்டாவது, காசோலை.

ரூ. 5,00,000-க்கு, 15.06.2026 தேதியிட்டு, இருவரும் கையெழுத்திட்ட காசோலையை இந்தக் கடிதத்தோடு தருகிறோம். அன்று மாலை 4 மணிக்குள் பணம் வரவில்லை என்றால், எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் மறுநாள் அதை வங்கியில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு "ஸ்டாப் பேமென்ட்" கொடுக்க மாட்டோம், அந்தக் கணக்கை மூட மாட்டோம், கையெழுத்து மாதிரியை மாற்ற மாட்டோம். காசோலை திரும்பினால் சட்டப்படி உங்களுக்கு உள்ள எந்த உரிமையையும் இந்தக் கடிதம் குறைக்காது. பணம் வங்கி வழியாகச் சேர்ந்துவிட்டால் காசோலையை மூன்று நாளுக்குள் திருப்பித் தந்துவிடுங்கள்.

தேதி தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. ஆண்டுக்கு 18 சதவீதம் என்று பார்த்தால் ஐந்து லட்சத்துக்கு நாளொன்றுக்கு 247 ரூபாய் வருகிறது. சில்லறை வேண்டாம், முழுத் தொகையும் நிலுவையில் இருக்கும்வரை நாளுக்கு 250 ரூபாய் என்றே ஜூன் 16 முதல் கட்டுகிறோம். பாதி கட்டி பாதி நின்றால் கட்டணமும் அந்த விகிதத்தில் குறையும். கட்டணம் தருகிறோம் என்பதற்காகத் தேதி தள்ளிப்போனதாக அர்த்தம் இல்லை, தேதி தேதிதான். ஜூன் 15-க்கு முன்பே எங்கள் கூடம் வேலையை நிறுத்திவிட்டாலோ, இயந்திரங்களை விற்க ஏற்பாடு செய்தாலோ, மீதித் தொகை முழுவதையும் நீங்கள் உடனே கேட்கலாம்.

இந்தப் பொறுப்பு நிறுவனத்தோடு நிற்காது. இளங்கோவும் செல்வியும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுத் தொகைக்கும் சொந்தப் பொறுப்பாளிகள். எங்களில் ஒருவர் பங்கிலிருந்து விலகினாலும் இந்தப் பில் அடையும்வரை அவர் பொறுப்பு தொடரும். இந்தக் கடிதத்தை உங்கள் வங்கியில் காட்டி நீங்கள் கடன் வசதி கேட்க விரும்பினால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொரு விஷயம். உங்கள் பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்புவோம். கணக்கு மாறிவிட்டது என்று மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ தகவல் வந்தால், நாங்களே உங்களைக் கூப்பிட்டு உங்கள் குரலில் கேட்டு, கையெழுத்தோடு கடிதமும் வாங்கிய பிறகுதான் மாற்றுவோம். தவறான கணக்குக்கு நாங்கள் அனுப்பினால் அந்த நஷ்டம் எங்களுடையது.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். 06.05.2026 புதன்கிழமை மாலைக்குள் முழுச் சரக்கும் லாரியில் ஏற வேண்டும். வியாழக்கிழமை காலை மெஷின் ஓடினால்தான், தனியாக வைக்கும் 120 ரீம் போக மற்றதன் பைண்டிங் மே கடைசிக்குள் முடியும். 07.05.2026 மாலைக்குள் சரக்கு உங்கள் கிடங்கை விட்டுக் கிளம்பவில்லை என்றால் இந்தக் கடிதம் செல்லாது. காசோலையையும் முன்பணத்தையும் திருப்பித் தர வேண்டும். கிளம்பிவிட்டால், லாரி ரசீதில் எங்கள் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட நேரத்திலிருந்து இதில் சொன்ன எதையும் நாங்கள் திரும்பப் பெற முடியாது. மாற்றம் எதுவானாலும் இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும்; போனில் "சரி, ரெண்டு நாள் பாத்துக்கலாம்" என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொன்னாலும் அதைத் தேதி மாற்றமாக நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம்.

ஜூன் 8-ஆம் தேதியும் 12-ஆம் தேதியும் காலையில் இளங்கோ உங்களைக் கூப்பிட்டு, பணம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார். இந்தத் தடவை நீங்கள் எங்களைத் தேட வேண்டியிருக்காது.

இக்கடிதத்தை முழுவதும் படித்து, விளங்கிக்கொண்டு, எங்கள் சொந்த விருப்பத்தில் கையெழுத்திடுகிறோம்.

இப்படிக்கு,

(ஒப்பம்) இளங்கோ, பங்குதாரர்
(ஒப்பம்) செல்வி, பங்குதாரர்
நிறுவன முத்திரை

இணைப்பு: ரூ. 1,37,200 பரிமாற்றச் சீட்டின் நகல், ரூ. 5,00,000-க்கான காசோலை, பில் எண் 118-இன் நகல், இருவர் கையெழுத்துடன்.

காசோலையும் கடிதமும் பெற்றுக்கொண்டேன். மேற்கண்ட நிபந்தனைகளின்படி 06.05.2026 அன்று சரக்கை விடுவிக்கச் சம்மதிக்கிறேன்.

(ஒப்பம்) ராமநாதன்
04.05.2026, மாலை 5.10