குப்பை வண்டி எப்போது வரும், வராவிட்டால் என்ன செய்வது: நகராட்சி உதவி மையக் கேள்வி பதில்

இந்த உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு வண்டி வருமா, வராதா?" அதற்கும், அதையொட்டிக் கேட்கப்படும் மற்றவற்றுக்கும் இங்கே பதில் தந்திருக்கிறோம். உதவி மைய எண் உங்கள் குடிநீர்க் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் உள்ளது. காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.

எங்கள் தெருவுக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும்?

1 முதல் 14 வரையிலான வார்டுகளுக்குக் காலை 6.30 முதல் 9 மணிக்குள். 15 முதல் 27 வரை உள்ளவற்றுக்கு 8.30 முதல் 11 மணிக்குள். கடைவீதி, காய்கறிச் சந்தை, பேருந்து நிலையப் பகுதிகளுக்கு இரவு 8 மணிக்கு மேல் இன்னொரு நடை உண்டு. பேட்டரி வண்டி நுழைய முடியாத சந்துகளில் தள்ளுவண்டி வரும். அது அரை மணி முன்பின் ஆகலாம்.

விசில் சத்தம் கேட்டதும் வெளியே வந்தால் போதும். முந்தின இரவே வாளியை வாசலில் வைக்காதீர்கள். விடிவதற்குள் நாய் இழுத்துத் தெரு முழுக்க இறைத்துவிடும். அதைக் கூட்டி அள்ளும் நேரத்தில்தான் அடுத்த தெருவுக்கு வண்டி தாமதமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி உண்டா?

வீடுகளுக்குக் கிடையாது. தூய்மைப் பணியாளர்களுக்கு அன்று வார விடுமுறை. கடைவீதிக்கும் சந்தைக்கும் மட்டும் சுழற்சி முறையில் வரும்.

எல்லாக் குப்பையையும் தினமும் எடுப்பார்களா?

மக்கும் குப்பை தினமும். பிளாஸ்டிக், அட்டை, கண்ணாடி போன்ற மக்காத குப்பை புதன், சனி மட்டும். பல்பு, டியூப்லைட், பேட்டரி, காலாவதியான மாத்திரை, பெயின்ட் டப்பா ஆகியவை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. நாப்கினும் குழந்தைகளின் டயப்பரும் தினமும் எடுக்கப்படும். காகிதத்தில் நன்றாகச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, தனியாகக் கையில் கொடுங்கள்.

இன்று வண்டி வரவே இல்லை. என்ன செய்ய?

உங்கள் வார்டுக்குரிய நேரம் முடிந்து அரை மணி கழித்து அழையுங்கள். அதற்கு முன்பே அழைத்தால், பெரும்பாலும் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிடுகிறது. பகல் 1 மணிக்குள் பதிவாகும் புகாருக்கு அன்றே மாலை 5 மணிக்குள் வண்டி வரும். 1 மணிக்குப் பிறகு சொன்னால் மறுநாள் முதல் நடையில் எடுப்பார்கள்.

அழைக்கும்போது நான்கு விவரங்கள் வேண்டும்: வார்டு எண், தெருப் பெயர், கதவு எண், அருகில் உள்ள ஓர் அடையாளம். அடையாளத்தைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் பிள்ளையார் கோவில் தெரு மட்டும் மூன்று உண்டு: 4, 11, 19 ஆகிய வார்டுகளில் ஒவ்வொன்று. கதவு எண்ணும் அப்படித்தான். பழைய எண் 12 என்பது புதிய எண் 31 ஆக இருக்கும். வாசலில் இரண்டும் எழுதியிருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். "ரேஷன் கடைக்கு எதிர்ச்சந்து, பச்சை கேட்" என்று ஒரு வரி சேர்த்தால், மாலையில் வரும் ஓட்டுநர் நேராக உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்.

பேசி முடிக்கும் முன் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எடுத்தவர் மறந்தால் நீங்களாகவே கேளுங்கள், அது உங்கள் உரிமை. உங்கள் வீட்டில் குப்பையை எடுத்துவிட்டதாக நீங்கள் சொல்லும் வரை அந்தப் புகாரை முடிக்கக் கூடாது என்பதே எங்களுக்குள்ள விதி.

புகார் கொடுத்தும் வரவில்லையே?

புகார் எண்ணைச் சொல்லி மீண்டும் அழையுங்கள். இரண்டாவது அழைப்பு நேராக வார்டு மேற்பார்வையாளரிடம் போகும். ஒரே வாரத்தில் மூன்று முறை விடுபட்டால் சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமாக இருக்கும். 9ஆவது வார்டில் ஒரு சந்தின் கடைசி ஆறு வீடுகள் இரண்டு வாரமாக விடுபட்டன. ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது, சந்து முனையில் தினமும் ஒரு கார் நின்றது. வண்டி உள்ளே திரும்ப வழியில்லை. கார் உரிமையாளரிடம் பேசி, காலை 9 மணிக்குப் பிறகு அங்கே நிறுத்தச் சொன்னதோடு பிரச்சினை தீர்ந்தது. உங்கள் தெருவிலும் இப்படி ஏதாவது தெரிந்தால் புகாரோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

வண்டி வந்தது, ஆனால் எங்கள் குப்பையை எடுக்காமல் போய்விட்டார்கள். ஏன்?

பிரித்து வைக்காததுதான் பெரும்பாலும் காரணம். திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று இருக்கிறது. ஆனாலும், காரணம் சொல்லாமல் விட்டுப் போவது எங்கள் பக்கத் தவறு. அப்படி நடந்தால் தயங்காமல் புகார் செய்யுங்கள்.

கலந்த குப்பை எங்கே போகிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள். நுண் உரக் கூடத்தில் ஒரு மேசை மேல் அதைக் கொட்டி, பெண்கள் கையால் பிரிக்கிறார்கள். சாம்பார் ஊறிய சோற்றுக்குள் உடைந்த டியூப்லைட் துண்டு கிடந்தால் கையுறையையும் கிழித்துவிடும். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, "கண்ணாடி" என்று மேலே எழுதி, மக்காத குப்பை நாளில் கையில் கொடுங்கள். உடைந்தது டியூப்லைட், பல்பு என்றால் அதே மாதிரிச் சுற்றிக் கடைசிச் சனிக்கிழமைக்கு எடுத்து வையுங்கள்.

நாங்கள் இருவரும் காலை 7 மணிக்கே வேலைக்குப் போய்விடுவோம். எப்படிக் கொடுப்பது?

உதவி மையத்தில் சொன்னால் "பூட்டிய வீடு" பட்டியலில் சேர்ப்போம். மூடி உள்ள வாளியை கேட்டின் உட்புறம், கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது இதைவிட எளிது, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தெருமுனையில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு பை விழுந்தால் மாலைக்குள் அங்கே பத்துப் பை சேர்ந்துவிடுகிறது.

தென்னை மட்டை, பழைய மெத்தை, கட்டட இடிபாடு?

தினசரி வண்டி இவற்றை ஏற்றாது. முந்தின நாளே அழைத்துப் பதிந்தால் டிராக்டர் வரும். மட்டைக்கும் மெத்தைக்கும் கட்டணம் இல்லை, இடிபாட்டுக்கு உண்டு. எவ்வளவு என்பதைப் பதியும்போதே சொல்லிவிடுவோம்.

வீட்டு விசேஷத்துக்கு முன்னூறு பேர் வருகிறார்கள். இலையெல்லாம் எடுப்பீர்களா?

எடுப்போம். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பந்தி முடியும் நேரத்தையும் சொன்னால் அதற்கேற்ப வண்டி அனுப்ப முடியும். வாழையிலையோடு தண்ணீர் பாட்டிலைச் சேர்த்துக் கட்டாதீர்கள். இலை மட்டும் வந்தால் அப்படியே உரத் தொட்டிக்குப் போகும்.

குப்பை எடுப்பவர் காசு கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். சேவைக் கட்டணம் சொத்துவரியோடு சேர்ந்தே வசூலாகிறது. யாராவது கட்டாயப்படுத்தினால் வண்டி எண்ணையும் நேரத்தையும் சொல்லுங்கள். உங்கள் பெயரை அந்த வார்டுக்குத் தெரிவிக்க மாட்டோம்.

தீபாவளி, பொங்கல் நாட்களில்?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அன்று ஒரு நாள் வீடுகளுக்கு வண்டி இல்லை. மறுநாள் காலை 6 மணிக்கே தொடங்கிவிடும். பட்டாசுக் குப்பையைத் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள், வேறு எதனோடும் கலக்க வேண்டாம். போகிக்கு முந்தின மூன்று நாட்களும் பழைய பாய், துணி, டயர் ஆகியவற்றை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் மாலை 6 மணி வரை ஆள் இருப்பார்.