நரைவயதிலும் தாங்குகிறவர்

ஏசாயா 46:4

அம்மா, ஐயா, அவசரமே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காது மந்தமானவர்கள் முன்பெஞ்சுக்கு வாருங்கள். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசிப்போம்.

"நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்."

"மட்டும்" என்றால் இங்கே "வரைக்கும்" என்று அர்த்தம்.

(சற்று நிறுத்தவும்.)

இதே அதிகாரத்தில் முதல் வசனத்தைப் பாருங்கள். பேல், நேபோ. இவை பாபிலோனின் தெய்வங்கள். அந்தச் சிலைகளை மிருகங்கள் சுமக்கின்றன. சுமந்து சுமந்து இளைத்துப்போகின்றன.

நம் கர்த்தரோ தாமே நம்மைச் சுமக்கிறார்.

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன்கூடை சுமந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தலையில் சும்மாடு. கழுத்தில் வழியும் மீன்தண்ணீர். கால் சுடும் தார்ரோடு. சுமப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்களைப் பிள்ளைகள் கைபிடித்துக் கூட்டிவருகிறார்கள். அதில் வெட்கம் வேண்டாம். தாயின் வயிற்றிலிருந்தே உங்களை ஏந்தினேன் என்கிறார் கர்த்தர், மூன்றாம் வசனத்தில்.

(சற்று நிறுத்தவும்.)

ஒரே கேள்வி: உங்களை யார், எப்போது தாங்கினார்கள்? பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

சரி, ஜெபிப்போம்.

ஆண்டவரே, இன்றைக்கும் எங்களைத் தாங்கும். ஆமென்.