நெத்திலிக் கருவாடு

தூத்துக்குடியில் இருக்கும் தங்கச்சிக்கு என்று நினைத்து ஆச்சி அனுப்பிய குரல் பதிவு, திருவான்மியூர் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. தங்கச்சிக்கும் அந்தக் குரூப்புக்கும் ஒரே பிள்ளையார் படம். ஆச்சி எழுத்தைப் பார்ப்பதில்லை, பிள்ளையாரைத்தான் பார்ப்பாள்.

"ஏளா சரசு, நீ குடுத்துவிட்ட நெத்திலிக் கருவாடு தீந்துபோச்சு. மருமவ ஆபீசு போனதும் பொரிச்சுத் தின்னுட்டு, வீடு பூரா சாம்பிராணி போட்டுருதேன். ஆனாலும் வாசம் மேல ஏறிருதுளா. செக்ரட்டரி மூணாம் மாடிப் பயலுவளப் போட்டு ஏசுதாரு. பாவம், அதுவளுக்கு நூடுல்ஸ தவிர என்ன தெரியும்? நான் வாயத் தெறக்கல. அடுத்தவாட்டி ஒரு கிலோவா அனுப்பு."

கல்லூரியிலிருந்து பேத்தி மது பதறிக்கொண்டு கூப்பிட்டாள். "ஆச்சி, உடனே அழிங்க!"

அழித்துவிட்டாள். அவள் தொட்டது Delete for me. ஆச்சியின் போனில் பதிவைக் காணோம். மற்ற நாற்பத்தேழு பேர் போனிலும் பத்திரமாக இருந்தது. வேலை முடிந்த திருப்தியில் ஆச்சி படுத்துத் தூங்கிவிட்டாள்.

மூணாம் மாடிப் பையன்தான் முதலில் எழுதினான்: "ரசமும் வைப்போம் ஆச்சி." அடுத்து, "சார், லிப்ட்ல ஒட்டின நோட்டீஸ எடுத்துடலாமா?" செக்ரட்டரி ஏதோ டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. கடைசியில் வந்தது ஒரு கும்பிடு மட்டும். அதற்குள் யாரோ பொரிக்கும் பக்குவம் கேட்டார்கள்; இன்னொருவர், தலையைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் அலசணும் என்று பதிலே போட்டுவிட்டார்.

சாயங்காலம் மருமகள் செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள். "பிரஷருக்கு மாத்திரை போட்டுக்கிட்டு கருவாடா அத்தை? டாக்டர் உப்பையே குறைக்கச் சொல்லியிருக்கார்."

"வெந்நியில ரெண்டு தடவ அலசிட்டுத்தான் பொரிக்கேன்."

"அலசினா உப்பு எல்லாம் போயிருமா? சாம்பிராணி மாசம் மூணு டப்பா ஏன் தீருதுன்னு இப்பத்தான் புரியுது." ஹேண்ட்பேக்கை மாட்டிவிட்டுத் திரும்பினாள். "எனக்கும் ரெண்டு எடுத்து வைக்கணும்னு தோணவேயில்லைல்ல?"

ஆச்சிக்கு அதற்குப் பதில் இல்லை. எழுந்து போய்க் காப்பி போட்டாள்.

ஏழு மணி வாக்கில் மூணாம் மாடிக்கு ஏறிப்போய், "உங்கள ஏசும்போது சும்மா இருந்துட்டேன் மக்கா" என்றாள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குக் கருவாட்டுக் குழம்பு கேட்டார்கள். சரி என்றாள்.

எட்டரைக்கு அழைப்பு மணி. செக்ரட்டரியின் மனைவி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று மருமகள் முன்னால் போய் நின்றாள். அவளோ உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆச்சி, ஊர்லேர்ந்து வரும்போது எனக்கும் அரைக் கிலோ சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சாப்பிட்டது. அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஆச்சி மருமகளை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"அதெல்லாம் சொல்லிருதேன். உங்க வீட்டுல சாம்பிராணி இருக்கா?"