பழுதான வெட் கிரைண்டர், ஆர்டர் எண் OD-4471-208836: முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோரி

நாள்: 14.06.2025

விற்பனையாளர் அவர்களுக்கு,
நகல்: செயலியின் குறைதீர் அலுவலர்

வணக்கம்.

உங்களிடம் வாங்கிய 2 லிட்டர் டேபிள் டாப் வெட் கிரைண்டர் பழுதாக வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். மாற்றுக் கிரைண்டர் வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் எதையும் தேட வேண்டியிருக்கக் கூடாது என்பதால் விவரங்களை முதலில் தருகிறேன்.

ஆர்டர் எண்: OD-4471-208836
ஆர்டர் செய்த நாள்: 02.06.2025, திங்கள்
வீட்டுக்கு வந்த நாள்: 06.06.2025, வெள்ளி, பிற்பகல் 3.20
பில் எண்: TN/25-26/01873
கிரைண்டரின் அடியில் ஒட்டியுள்ள வரிசை எண்: WG2L-250300417
விலை: ரூ. 4,899, டெலிவரி கட்டணம் ரூ. 99, மொத்தம் ரூ. 4,998
பணம் செலுத்திய விதம்: யுபிஐ, ஆர்டர் செய்த அன்றே முழுத் தொகையும்
முதல் புகார்: 09.06.2025, செயலியின் சாட் வழியாக, புகார் எண் C-5590172

வெள்ளிக்கிழமை பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு சந்தேகம் வந்தது. மேல்பக்கம் ஒட்டியிருந்த டேப்புக்கு அடியில் இன்னொரு டேப், கத்தியால் கீறிய நிலையில் இருந்தது. டிரம்மைக் கழற்றிக் கவிழ்த்தால், விளிம்புக்கு உட்புறம் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், மாவு. தினமும் மாவு ஆட்டுகிற வீட்டில் காய்ந்த மாவு எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லில் தண்ணீர் படுவதற்கு முன்பே அதைப் படம் எடுத்துவிட்டேன் (படம் 1, 2, எடுத்த நேரம் படத்திலேயே இருக்கிறது). அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், அது என் தப்பு.

சனிக்கிழமை காலை கல்லைக் கழுவி, ஊறவைத்த அரிசி ஒரு கை போட்டு ஓட்டி, அந்த மாவைக் கீழே கொட்டினேன். புதுக் கல்லில் முதலில் சாம்பல் நிறமாக வருவது வழக்கம்தான். மூன்று முறை அப்படி ஆட்டியும் நிறம் தெளியவில்லை. சாயங்காலம் முக்கால் கப் உளுந்து போட்டேன். குழவிகள் இரண்டில் ஒன்று சுற்றுக்கு ஒருமுறை எகிறி டிரம்மில் இடித்தது. கிரைண்டரே மேடையில் நகர்ந்து சிங்க் பக்கம் போனது. வீடியோவில் (1 நிமிடம் 40 விநாடி) அந்தச் சத்தமும் கேட்கும், நான் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரியும். அரிசி போட்ட பத்தாவது நிமிடம் கருகல் வாடை வந்து டிரம் நின்றுவிட்டது. ஆறவிட்டு, மூன்று தவணையாக ஓட்டி எப்படியோ மாவை எடுத்தேன்.

ஞாயிறு காலை இட்லியை வாயில் வைத்த என் மாமியார் அப்படியே துப்பிவிட்டார். கல். மீதி மாவைத் தண்ணீரில் கரைத்து, மெல்ல வடித்துப் பார்த்தேன். பாத்திரத்தின் அடியில் கால் ஸ்பூன் அளவுக்குக் கறுப்புப் பொடி தங்கியது. விரலில் தேய்த்தால் மணல் போல உறுத்துகிறது (படம் 4). இடிக்கிற குழவியின் மேல்முனையிலிருந்து பாதி வரை ஒரு விரிசல் ஓடுகிறது. உலர்ந்தபோது கண்ணுக்குத் தெரியாது, நனைத்தால் கோடு கறுத்துத் தெரிகிறது (படம் 5, 6). மாவு மொத்தமும் குப்பைக்குப் போனது. அதற்கு நான் பணம் கேட்கவில்லை.

தெருமுனை மிக்சி ரிப்பேர்க்காரர் வந்து குழவியை ஆட்டிப் பார்த்து, "இது நடுவுல உக்காரலக்கா, தேஞ்சுபோன கல்லு மாதிரி இருக்கு" என்றார். திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். வாரண்டி போய்விடும் என்று தொடவிடவில்லை. எனவே வெளியாள் கழற்றிய பொருள் என்று நீங்கள் சொல்ல இடமில்லை.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். 11.06.2025 அன்று சாட்டில் வந்தது இரண்டே வரி: "உபயோகித்த பொருளைத் திரும்பப் பெற இயலாது. அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும்."

கிரைண்டரை ஆட்டிப் பார்க்காமல் அது ஆட்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சேலை என்றால் பிரித்துப் பார்த்து மடித்து வைத்துவிடலாம். கல்லில் அரிசி விழுந்தால்தான் குறை தெரியும். அப்படி விழுந்ததையே காரணமாகக் காட்டினால், உங்கள் பக்கத்தில் போட்டிருக்கும் 7 நாள் உத்தரவாதத்தை எந்தக் கிரைண்டருக்கும் எவரும் பயன்படுத்த முடியாது. நான் புகார் செய்தது மூன்றாம் நாள். இதில் இன்னொன்றும் இருக்கிறது: உபயோகித்த பொருள் என்று என்னிடம் மறுக்கிறீர்கள், ஆனால் எனக்கு வந்த டிரம்மிலேயே வேறு யாரோ ஆட்டிய மாவு காய்ந்திருந்தது. இன்னொருவர் திருப்பி அனுப்பியதுதான் எனக்கு வந்ததா என்பதை உங்கள் கிடங்குப் பதிவைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாற்றுப் பொருள் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். அடுத்ததும் அப்படி வராது என்று நம்ப எனக்கு வழியில்லை.

சர்வீஸ் சென்டர் யோசனையும் நடக்காது. ஏறக்குறைய 12 கிலோ எடையுள்ள கிரைண்டரை உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் தூக்கிப்போக என்னால் ஆகாது. புதிதாக வாங்கியதை ரிப்பேர் செய்து வைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ அதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. நகல் அவருக்கும் போவது அதனால்தான்.

நான் கேட்பது:

ரூ. 4,998 முழுவதும், டெலிவரி கட்டணம் உட்பட, பணம் வந்த அதே வங்கிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். வாலட் பணமாகவோ கூப்பனாகவோ வேண்டாம். கிரைண்டரை உங்கள் செலவில் வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்ல வேண்டும். எடுக்க வருபவர் வரிசை எண்ணைச் சரிபார்த்து, பெற்றுக்கொண்டதற்குச் செயலியிலேயே ரசீது பதிவு செய்ய வேண்டும். 21.06.2025, சனிக்கிழமைக்குள் இதற்கு ஏற்பாடு செய்து எழுத்தில் பதில் தாருங்கள். போனில் சொல்வது போதாது.

அதற்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அதுவரை போக எனக்கு ஆசையில்லை. பணம் வந்துவிட்டால் விஷயம் இத்தோடு முடிந்தது.

கல், டிரம், மூடி, மாவு தள்ளும் தகடு, பில் எல்லாம் கழுவித் துடைத்துப் பழைய பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். டிரம்மின் உள்விளிம்பில் காய்ந்திருக்கும் மாவை மட்டும் துடைக்கவில்லை. ஆளை அனுப்புவதானால் வார நாட்களில் மாலை 5 மணிக்கு மேல் அனுப்புங்கள். பகலில் வீட்டில் மாமியார் மட்டும்தான் இருப்பார், அவரால் பெட்டியை நகர்த்த முடியாது. முகவரியும் கைபேசி எண்ணும் ஆர்டரில் உள்ளவைதான்.

இணைப்பு: படங்கள் 6, வீடியோ 1, பில் நகல், 11.06.2025 சாட்டின் திரைப்பதிவு.

இப்படிக்கு,
சு. மகேஸ்வரி
உறையூர், திருச்சி